மஸ்டர் ரோலும் 9.25 ரூபாயும்: சரியான கூட்டலுக்குள் ஒளிந்த குறை

1982-ஆம் ஆண்டு தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான அரங்கங்களும் மேம்பாலங்களும் விரைவாக எழுந்துகொண்டிருந்தன. அப்பணிகளில் ஈடுபட்டிருந்த கட்டுமானக் கூலியாட்களுக்கு நாளொன்றுக்கு வழங்கப்பட வேண்டிய குறைந்தபட்ச ஊதியம் 9.25 ரூபாய். ஒப்பந்ததாரர் அத்தொகையை ஜமாதாரிடம் கொடுத்தார். ஜமாதார் ஒரு ரூபாயைத் தமக்கான தரகாக எடுத்துக்கொண்டு 8.25 ரூபாயைத் தொழிலாளியிடம் தந்தார். இச்செய்தி மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான ஒன்றியத்தின் மனு வழியாக உச்ச நீதிமன்றத்தை எட்டியது. அந்த ஒரு ரூபாய் பிடிக்கப்பட்டதை ஒன்றிய அரசும் மறுக்கவில்லை.

வழக்கின் சட்ட முக்கியத்துவம் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. கணக்கியல் சார்ந்த ஒரு வினா மட்டும் அதிகம் எழுப்பப்படவில்லை. அன்றாடக் கூலியாட்களின் வருகை, கூலி விகிதம், பிடித்தம், கொடுத்த தொகை ஆகிய நான்கையும் ஒரே தாளில் பதியும் மஸ்டர் ரோல் என்னும் ஆவணம் இருக்க, அந்த ஒரு ரூபாய் எவ்வாறு கண்ணுக்குத் தப்பியது? விடை எளிது, ஆனால் சங்கடமானது. அந்த ரூபாய் பட்டியலில் எந்த இடத்திலும் இல்லை. 9.25-ஐ நாட்களால் பெருக்கிக் கூட்டிப் பார்ப்பவருக்குக் கணக்கு முழுக்கச் சரியாகவே வரும். மஸ்டர் ரோலைச் சரிபார்த்தல் என்பதன் வரலாறு, இவ்வாறு சரியாக வரும் கணக்கை எதனோடு ஒப்பிடுவது என்னும் தேடலின் வரலாறேயாகும்.

‘மஸ்டர்’ என்னும் சொல் படைத்துறையிலிருந்து வந்தது. வீரர்களை வரிசையில் நிறுத்தித் தலையெண்ணிப் பார்ப்பதே அதன் பொருள். எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை என்ன? இல்லாத வீரனின் பெயரில் ஊதியம் பெறுவது படைத்தலைவர்களின் பழைய வருமானவழி. அலாவுத்தீன் கில்ஜி குதிரைக்குச் சூடு போட்டு, வீரனின் அங்க அடையாளங்களை எழுதிவைக்கச் செய்ததும், அக்பர் அம்முறைக்கு மீண்டும் உயிரூட்டியதும் இதே காரணத்தால்தான். பெயர்ப்பட்டியலை நம்பாமல் ஆளை நேரில் பார்ப்பது என்பதே ‘மஸ்டர்’ என்பதன் உட்கரு. பிற்காலத்தில் அச்சொல் பொதுப்பணித்துறையின் அச்சிட்ட படிவத்துக்குப் பெயராகி நிலைத்தபோது, ஆள் மெல்ல விலகித் தாள் மட்டும் எஞ்சியது.

1854-இல் டல்ஹவுசி காலத்தில் உருவான பொதுப்பணித்துறை, சாலை, கால்வாய், கட்டடம் எனப் பரந்த வேலைகளைச் செய்தது. அதன் வழிவந்த மத்தியப் பொதுப்பணிக் கணக்கு விதித்தொகுப்பில் மஸ்டர் ரோல் படிவம் 21 ஆகும். விதிகள் சிலவே, ஆயினும் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பழைய மோசடியின் தழும்பைத் தாங்கி நிற்கிறது. பட்டியலுக்கு இரட்டைப்படி எழுதக்கூடாது. இரண்டு படிகள் இருந்தால் இரண்டு முறை பணம் பெறலாம். ஒவ்வோர் ஊதியக் காலத்துக்கும் தனிப் பட்டியல் வேண்டும். வருகையையும் வராமையையும் அபராதத்தையும் அன்றன்றே பதிய வேண்டும். பின்னர் திருத்தவோ சேர்க்கவோ கடினமாக இருக்கும் வகையில் பதிய வேண்டும். பணம் வழங்கும்போது அங்கு இருப்பவர்களில் மிக உயர்ந்த நிலை அலுவலர் அதனை நேரில் கண்டு, அன்று வழங்கிய மொத்தத் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் அடியில் சான்றளிக்க வேண்டும். அன்று வந்து பெறாதவர்களின் கூலியை, பட்டியலின் அடிக்குறிப்பை முடிக்கும் முன்னரே, இரண்டாம் பகுதியிலுள்ள நிலுவைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இறுதியாக, அவ்வாட்கள் செய்த வேலை அளக்கத்தக்கதாயின் அதன் அளவையும் குறிக்க வேண்டும்.

இவற்றுள் ‘அன்றன்றே’ என்னும் சொல்லின் வலிமையை ஒரு கணக்கின் மூலம் காணலாம். தில்லி ஊதிய விகிதத்தையே கொண்டு ஒரு மாதிரிக் குழுவை அமைத்துக்கொள்வோம். குழுவில் 20 பேர். இருவாரக் காலத்தில் 12 வேலைநாட்கள். எல்லோரும் எல்லா நாளும் வந்திருந்தால் 240 ஆள்நாள். நான்கு வராமைகள் போக 236 ஆள்நாள். கூலி விகிதம் 9.25 எனில் மொத்தக் கூலி 2,183 ரூபாய். பதினேழு பேருக்கு முன்பணத்துக்காகத் தலைக்கு 30 ரூபாய் பிடித்தால் பிடித்தம் 510 ரூபாய். வழங்க வேண்டியது 1,673 ரூபாய்.

சரிபார்ப்பவர் முதலில் குறுக்கே போகிறார். ஒவ்வொரு பெயருக்கும் வந்த நாட்களை எண்ணி, விகிதத்தால் பெருக்கி, முன்பணத்தைக் கழித்துக் கடைசிக் கட்டத்தோடு ஒப்பிடுகிறார். 12 நாள் வந்தவருக்கு 111 ரூபாய். 30 பிடித்தம் போக 81. பிறகு மேலிருந்து கீழே இறங்குகிறார். ஒவ்வொரு நாளின் கட்டத்தையும் எண்ணி, அன்று மாலை அடியில் எழுதப்பட்ட தலைத்தொகையோடு பொருத்துகிறார். குறுக்குக் கூட்டலும் நெடுக்குக் கூட்டலும் ஒரே 236-இல் வந்து சேர வேண்டும்.

எவரேனும் பின்னொரு நாளில் ஒரு வராமைக் குறியை வருகைக் குறியாக மாற்றினால், குறுக்குக் கூட்டல் 237 ஆகும். ஆனால் அந்த நாளின் அடியில் அன்று மாலையே எழுதிய 19 அப்படியே நிற்கும். நெடுக்குக் கூட்டல் 236-ஐயே காட்டும். திருட்டு ஓர் ஆள்நாள்; அது சிக்குவது இரண்டு கூட்டல்களுக்கு இடையிலுள்ள அந்த ஓர் எண்ணில். இதற்கு ஒரே நிபந்தனை, அடித்தொகை அன்று மாலையே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது. மேஸ்திரி பதினான்கு நாளையும் தம் பையேட்டில் குறித்துவைத்து, ஊதிய நாளுக்கு முந்தைய இரவில் ஒரே அமர்வில் பட்டியலை நிரப்பினால் இரண்டு கூட்டல்களும் மிக அழகாகப் பொருந்திவிடும். அழகாகப் பொருந்துவதே அப்போது ஐயத்துக்கு இடமளிக்கும் குறி.

ஆகவே அனுபவமுள்ள தணிக்கையாளர் எண்ணைப் பார்க்கும் முன் தாளைப் பார்ப்பார். வேலைத்தளத்தில் பன்னிரண்டு நாள் கிடந்த தாளில் மடிப்பும் மண்ணும் இருக்கும். மையின் நிறம் நாளுக்கு நாள் சற்றே மாறும். ஒரு நாள் பென்சில், மறுநாள் பேனா என்றிருக்கும். எல்லாக் குறியும் ஒரே சாய்வில், ஒரே மையில், ஒரே அழுத்தத்தில் இருந்தால் அது ஓர் இரவின் வேலை. கடும் மழை பெய்த நாளிலும் திருவிழா நாளிலும் இருபதுக்கு இருபது வருகை இருப்பது இரண்டாவது குறி. பல பெயர்களுக்கு நேரே ஒரே விரலின் கைநாட்டு இருப்பது மூன்றாவது. ஒரே பெயர் ஒரே நாளில் அடுத்த தளத்தின் பட்டியலிலும் காணப்படுவது நான்காவது. ஆனால் இரு பட்டியல்களையும் ஒரே மேசையில் ஒருங்கே விரிக்கும் வாய்ப்பு கிடைத்தால்தான் அது தெரியவரும். பழைய பட்டியல்களைத் தரவாகக் கொள்ளும் ஆய்வு மாணவர்களுக்கும் இது பொருந்தும். அவற்றிலிருந்து ஊதிய விகிதத்தைத் துணிந்து எடுத்துக்கொள்ளலாம். வருகை நாட்களை எடுத்து உழைப்பின் தீவிரத்தை அளக்க முனைவோர் மட்டும், அந்தப் புள்ளிகள் என்று இடப்பட்டன என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி முன்பணக் கட்டம். பட்டியலிலேயே மிகக் குறைவாகப் படிக்கப்படும் கட்டம் இதுவே. இந்திய உழைப்பு வரலாற்றின் நீண்ட நிழல் விழும் கட்டமும் இதுவே. 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம், முன்பணம் பெற்றுக்கொண்டு வேலைக்கு வராத தொழிலாளியைக் குற்றவியல் நடுவர்முன் நிறுத்த வழிசெய்தது. பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையை முடித்துக் கொடு என்று நடுவர் ஆணையிடலாம்; கீழ்ப்படியாதவருக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல் விதிக்கலாம். கடன் என்பது உரிமையியல் விவகாரமாக இருக்க, கூலியாளின் கடன் மட்டும் குற்றமாயிற்று. 1925-இல் இயற்றப்பட்ட நீக்கச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது.

அதன்பின் முன்பணம் சிறையிலிருந்து கணக்கேட்டுக்கு இடம்பெயர்ந்தது. தொழிலாளர் குறித்த அரச ஆணையத்தின் 1931-ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து வந்த 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், எவற்றைப் பிடிக்கலாம் என்று ஒரு வரம்புப் பட்டியலை இட்டது. முன்பணத்தைப் பிடிக்கலாம், ஆனால் வேலை தொடங்கும் முன் தந்த முன்பணத்தை முதல் முழு ஊதியக் காலத்தின் கூலியிலிருந்து மீட்க வேண்டும், பயணச் செலவுக்குத் தந்ததை மீட்கவே கூடாது. பின்னர் 1964-இல் வந்த திருத்தம், மொத்தப் பிடித்தம் பொதுவாக ஊதியத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்றது. ஒப்பந்தத் தொழிலாளர் தொடர்பான 1971-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் முன்பணத்துக்கென்றே தனிப் பதிவேட்டை வகுத்தன. அது படிவம் 22. அதில் தந்த நாள், தொகை, நோக்கம், எத்தனை தவணை, ஒவ்வொரு தவணையும் பிடித்த நாள், கடைசித் தவணை முடிந்த நாள் ஆகியவை இருக்க வேண்டும்.

தனிப் பதிவேட்டின் தேவையை முன்சொன்ன மாதிரிக் குழுவிலுள்ள ஒருவரின் வரியைக் கொண்டே விளக்கலாம். ஊரில் ஜமாதார் அவருக்கு 200 ரூபாய் தந்து அழைத்துவருகிறார். அதில் 60 ரூபாய் ரயில் கட்டணம். சட்டப்படி அந்த 60-ஐப் பிடிக்க முடியாது, மீட்கத்தக்கது 140. இருவாரத்துக்கு 30 வீதம் பிடித்தால் நான்கு பட்டியல்களில் 120, ஐந்தாவதில் 20. அத்துடன் கணக்கு முடிகிறது. ரயில் கட்டணத்தையும் சேர்த்துப் பிடித்தாலும் ஏழாவது பட்டியலில் முடிந்துவிட வேண்டும். ஆனால் எட்டுப் பட்டியல்களிலும் 30 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். மொத்தம் 240. தந்ததைவிட 40 அதிகம்; சட்டம் அனுமதித்ததைவிட 100 அதிகம்.

இனி எட்டுப் பட்டியல்களையும் தனித்தனியே எடுத்துப் பார்ப்போம். ஒவ்வொன்றிலும் 12 நாள், 9.25, மொத்தம் 111, முன்பணம் 30, வழங்கியது 81. எதிலும் ஒரு காசு பிழையில்லை. பாதிக்கு மேல் பிடிக்கக்கூடாது என்னும் வரம்பும் மீறப்படவில்லை. 111-இல் பாதி 55.50. எட்டும் தேறிவிடும். பிழை எந்தப் பட்டியலுக்குள்ளும் இல்லை; பட்டியல்களின் வரிசையில் இருக்கிறது. ஒவ்வொரு பிடித்தத்துக்கும் எதிரே ‘இன்னும் எவ்வளவு பாக்கி’ என்னும் குறையும் இருப்பு இல்லாவிட்டால் முன்பணக் கட்டத்தைச் சரிபார்த்ததாகக் கொள்ள முடியாது. ஒவ்வோர் ஊதியக் காலத்துக்கும் தனிப் பட்டியல் என்னும் விதி, இரட்டை வழங்கலைத் தடுப்பதற்காகப் பிறந்த நல்ல விதிதான். அதே விதி தொழிலாளியின் கடன் வரலாற்றைப் பதினான்கு பதினான்கு நாள் துண்டுகளாக வெட்டிவிடுகிறது.

இதனினும் நுட்பமான ஒன்று உண்டு. வட இந்தியக் கட்டுமானத் தளங்களில் ‘கர்ச்சி’ என்று ஒரு வழக்கம். வாரந்தோறும் உணவுச் செலவுக்கென ஒரு சிறுதொகை தருவார்கள். முழுக் கூலியைப் பருவத்தின் முடிவில் கணக்குப் பார்த்துத் தீர்ப்பார்கள். அந்தக் கர்ச்சி பட்டியலில் முன்பணம் என்றே ஏறும். ஏழாவது நாள் மாலை தொழிலாளிக்கு 30 ரூபாய் தரப்படுகிறது என்று கொள்வோம். அதற்குள் அவர் ஆறு நாள் உழைத்துவிட்டார். அவருக்குச் சேர வேண்டியது 55.50. அவர் பெற்றது தம் கூலியின் ஒரு பகுதியை, அதுவும் பாதியைச் சற்றே தாண்டிய அளவை. உண்மையில் கடன்பட்டிருப்பவர் ஒப்பந்ததாரர். ஆறு நாள் உழைப்பைக் கடனாக வாங்கிவைத்திருப்பவர் அவரே. ஆனால் தாளில் திசை மாறிவிடுகிறது. சொந்தக் கூலியைப் பெற்றவர் கடனாளியாகவும், கூலியை நிறுத்திவைத்தவர் கடன் தந்தவராகவும் தோன்றுகிறார்கள். கூட்டல் கழித்தலில் குறையில்லை. ஒரு கட்டத்தின் தலைப்பில்தான் குறை. எனவே முன்பணத்தைப் பார்க்கும்போது தொகையோடு தேதியையும் பார்க்க வேண்டும். தந்த நாளில் தொழிலாளி எத்தனை நாள் கூலி பாக்கி வைத்திருந்தார் என்று கேட்டால், முன்பணம் எனப் பெயரிட்டவற்றில் எது உண்மையில் முன்பணம் என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவு பார்த்த பிறகும் ஜமாதாரின் ஒரு ரூபாய் பிடிபடாது. நமது எடுத்துக்காட்டில் அவர் 12 நாளுக்கு 12 ரூபாய் எடுத்துக்கொள்கிறார். தொழிலாளியின் கையில் சேர்வது 81 அன்று, 69. குழு முழுவதற்கும் 236 ரூபாய். பட்டியல் சொல்வது 1,673. கைக்குச் சேர்ந்தது 1,437. சட்டம் அனுமதித்த பிடித்தம் பட்டியலில் எழுதப்படுகிறது; அனுமதிக்காதது பட்டியலுக்கு வெளியே, பணம் கைமாறும் அந்தச் சில அடி தூரத்தில் நிகழ்கிறது. 1971 விதிகளை எழுதியோர் இதை அறியாதவர்கள் அல்லர். முதன்மை வேலையளிப்பவரின் பிரதிநிதி பணம் வழங்கும் இடத்தில் நின்று, ‘இக்கட்டத்தில் காட்டிய தொகை என் முன்னிலையில் இத்தொழிலாளிக்கு வழங்கப்பட்டது’ என்னும் பொருளில் பதிவேட்டின் அடியில் சான்றளிக்க வேண்டும் என்று அவர்கள் விதித்தார்கள். பழைய படிவம் 21-இன் உயர்நிலை அலுவலர் விதியும் இதுவேதான். ஆயினும் அச்சான்றும் தாளில் எழுதப்படும் ஒரு வரியே. வராத தொழிலாளிக்கு வருகைக் குறி இடக்கூடுமானால், வராத அதிகாரிக்கும் ‘என் முன்னிலையில்’ என்று எழுதிக்கொள்ள முடியும்.

1982 மே 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையில் கணக்கைத் திருத்தச் சொல்லவில்லை. பணம் போகும் பாதையைத் திருத்தச் சொன்னது. குறைந்தபட்ச ஊதியத்தை ஜமாதாரின் தலையீடின்றி நேரடியாகத் தொழிலாளியிடமே தர வேண்டும். தரகு என்றோ வேறெப்படியோ அதில் எதையும் பிடிக்கக்கூடாது என்றது. செப்டம்பர் 18-இல் வந்த தீர்ப்பு மேலும் ஒரு படி சென்று, குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வேலை வாங்குவதே அரசமைப்பின் 23-ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றது. இந்தத் தீர்ப்பின் தொடக்கம் எந்தத் தணிக்கை அறிக்கையும் அன்று என்பது கவனிக்கத்தக்கது. மூன்று சமூக அறிவியலாளர்கள் தளங்களுக்குச் சென்று தொழிலாளிகளிடம் கையில் எவ்வளவு கிடைக்கிறது என்று விசாரித்து எழுதிய ஓர் அறிக்கையே அதன் தொடக்கம்.

தாளுக்கு வெளியே உள்ள மற்றொரு சாட்சி, செய்த வேலையின் அளவு. தோண்டிய மண்ணையும் பரப்பிய கல்லையும் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுவார்கள். பட்டியலிலுள்ள ஆள்நாளை அந்த அளவோடு பொருத்தினால் பொய்ப்பெயர்கள் வெளிப்பட்டுவிடும் என்பது பொதுப்பணித்துறையின் நெடுங்கால நம்பிக்கை. அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் அதே அளவுகோல் தொழிலாளிக்கு எதிராகத் திரும்பியதை ராஜஸ்தானில் காண்கிறோம்.

அஜ்மீர் அருகே மதன்கஞ்சிலிருந்து ஹர்மாரா செல்லும் சாலை பஞ்ச நிவாரணப் பணியாகப் போடப்பட்டது. பணியாட்களில் பெரும்பாலோர் பெண்கள். அங்குக் குறைந்தபட்ச ஊதியம் நாளுக்கு 7 ரூபாய். ஆட்களை இருபது இருபது பேராகக் குழு பிரித்து, இரு வாரத்துக்கு ஒருமுறை குழுவின் மொத்த வேலையை அளந்து, அந்த விகிதத்தில் கூலி வழங்கினார்கள். குழுவின் வேலை குறைந்தால் எல்லோருக்கும் 7 ரூபாய்க்குக் கீழே. பஞ்ச நிவாரணப் பணிகளுக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்களித்த 1964-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமொன்றை அரசு அரணாகக் காட்டியது. சஞ்சித் ராய் தொடுத்த வழக்கில் 1983 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கு, குறைந்தபட்ச ஊதியத்தைப் பொறுத்தவரை செல்லாது என்றது.

இந்தக் குழுமுறையில் ஒரு பொய்ப்பெயர் என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு பரவலான தவறான எண்ணம் கலைகிறது. பட்டியலில் இருபது பெயர். அவர்களில் நால்வர் வேலைக்கே வராத பெயர்கள் என்று கொள்வோம். பதினாறு பேர் தம் பங்குக்குரிய வேலையை முழுமையாகச் செய்கிறார்கள். அளவுகோல் அதனை இருபது பேரின் வேலையாக எடுத்துக்கொண்டு, குழு 80 விழுக்காடுதான் செய்தது என்கிறது. தலைக்கு 7-க்குப் பதில் 5.60. உழைத்த பதினாறு பேரும் நாளுக்கு 1.40 ரூபாய் வீதம் இழப்பது 22.40. வராத நால்வரின் பெயரில் 5.60 வீதம் எழுதப்படுவதும் அதே 22.40. அரசுக் கருவூலம் ஒரு காசும் கூடுதலாகத் தரவில்லை. அளவுப் புத்தகமும் பட்டியலும் முற்றிலும் பொருந்துகின்றன. பொய்ப்பெயரால் ஏமாற்றப்படுவது அரசு என்றே பொதுவாகக் கருதுகிறோம். அளவுக்கேற்ற கூலி முறையில் அந்த இழப்பு முழுவதும் பக்கத்தில் நின்று மண் சுமந்தவரின் தலையில் விழுகிறது. ‘நீங்கள் சரியாக வேலை செய்யவில்லை’ என்னும் வசையும் அதனோடு சேர்ந்து வரும்.

இதே ராஜஸ்தானத்தில்தான் அடுத்த அடியும் எடுத்துவைக்கப்பட்டது. 1990 மே 1-இல் பீம் என்னும் ஊரில் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பினர், குறைந்தபட்ச ஊதியம் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலையே பெற்றார்கள்: நீங்கள் வேலை செய்யவில்லை என்று ஆவணம் சொல்கிறது. ஆவணத்தைக் காட்டுங்கள் என்றால் அது இரகசியம். ஆகவே அவர்களது கோரிக்கை கூலியிலிருந்து ஆவணத்தை நோக்கி நகர்ந்தது. பட்டியலின் நகல் வேண்டும்; பற்றுச்சீட்டின் நகல் வேண்டும்; எங்கள் பணம், எங்கள் கணக்கு என்றார்கள்.

1994 டிசம்பர் 2-இல் பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் முதல் பொது விசாரணை நடந்தது. அங்கு நிகழ்ந்தது ஒருவகையில் மிகப் பழைய ‘மஸ்டர்’ தான். பட்டியலை எடுத்து ஊர்நடுவே உரக்கப் படித்தார்கள்: இன்னார், இத்தனை நாள், இன்ன வேலை, இவ்வளவு கூலி. பெயருக்குரியவர் கூட்டத்தில் இருந்தால் எழுந்து, தாம் அங்கு வேலை செய்ததே இல்லை என்பார். அல்லது வேலை செய்தது உண்மை, கிடைத்தது அவ்வளவு அன்று என்பார். இவ்வரிசையில் நடந்த விசாரணைகளில் ஊரைவிட்டுப் போனவர்களின் பெயர்களும் இறந்தோர் பெயர்களும்கூட வெளிவந்தன. இறந்தவர் இருக்கிறாரா இல்லையா என்பதை ஊரார் கணநேரத்தில் சொல்லிவிடுவார்கள். எத்தனை கையெழுத்துகள் இருந்தும் தலைநகரின் தணிக்கை மேசைக்கு அது தெரியாது. அப்பட்டியல்களில் பெரும்பாலானவை கூட்டல் சரியாக இருந்து, தொகை அனுமதிக்கப்பட்டு, உரிய கையெழுத்துகளுடன் முடிக்கப்பட்டவை என்பதை மறந்துவிடலாகாது.

ஊராரின் சாட்சிக்கும் எல்லை உண்டு. தம் வேலை, தம் கைக்கு வந்த தொகை, தம் அண்டைவீட்டார் இருப்பு ஆகியவற்றில் அவர்கள் மிக உறுதியானவர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரியில் பதினொரு நாளா பன்னிரண்டு நாளா என்பதில் அவ்வளவு உறுதி இருக்க முடியாது. ஊரில் செல்வாக்குள்ள மேஸ்திரி எதிரே உட்கார்ந்திருக்க, அவரிடமே அடுத்த பருவத்தில் வேலைக்குப் போக வேண்டியவர் எழுந்து பேசுவதும் எளிதன்று. ஆகவே நினைவு தடுமாறும் நாட்கணக்குக்குத் தாளும், தாள் பொய்க்கும் இடத்தில் ஆளும் தேவைப்பட்டார்கள். நகல் கேட்டு 1996 ஏப்ரல் 6-இல் பியாவரில் தொடங்கிய தர்ணா நாற்பது நாள் நீடித்தது. 2000-இல் ராஜஸ்தான் மாநிலத்தின் தகவல் உரிமைச் சட்டமும், 2005-இல் நாடு முழுமைக்குமான சட்டமும் வந்தன. அதே 2005-இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கிராம சபை நடத்தும் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது.

அச்சட்டத்தின் கீழ் பட்டியலின் உருவமும் மாறியது. வேலை கேட்டவர்களின் பெயர்கள் முன்கூட்டியே கணினியில் அச்சாகித் தளத்துக்கு வந்தன. இடைவெளியில் பெயர் சேர்க்கும் வழி அடைபட்டது. கூலி வங்கிக் கணக்குக்குச் சென்றது. கைநாட்டோடு பணம் எண்ணித் தரும் இடமும், அந்த இடத்தில் நின்ற ஜமாதாரும் கணக்கிலிருந்து மறைந்தார்கள். கூலியை முழுதாகக் கணக்கில் பெற்றவரிடம் பிறகு ஒரு பங்கைக் கேட்டு வாங்குவது வேறு. கொடுக்கும்போதே எடுத்துக்கொள்வது வேறு. முன்னதற்கு, பணம் முதலில் தொழிலாளியின் கையைத் தொட வேண்டும். வருகையைப் பொறுத்தவரை, 2023 ஜனவரியிலிருந்து கைபேசிச் செயலி வழியாகத் தளத்தில் நாளுக்கு இருமுறை எடுக்கும் படமே கட்டாயச் சான்றாயிற்று. 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, வேலைக்குத் தொடர்பற்ற படங்களும், நேரில் எடுக்காமல் பழைய படத்தையே மீண்டும் படமெடுத்தவையும் வருகைச் சான்றாகப் பதிவேற்றப்படுவதைச் சுட்டிக்காட்டியது. அப்படங்களையும் வருகையையும் கிராம ஊராட்சி அளவில் ஒன்று விடாமல் ஆட்கள் சரிபார்க்க வேண்டும் என்றும் அது பணித்தது.